அனுப்பிய ஸ்லைட்டுக்கான விளக்கம்

தங்கச்சி, வாவியில் கடல்நீரும் நன்னீரும் எப்படி அடுக்குகளாகின்றன என்ற விரிவுரை ஸ்லைட்டின் படத்தில் வலது ஓரம் மங்கலாக இருந்தாலும் நான்கு வரிகளும் வாசிக்கக்கூடியதாக உள்ளன.

“உவர்த்தன்மை 0–35” என்பது ஒரு கிலோகிராம் நீரில் எத்தனை கிராம் உப்புக் கரைந்துள்ளது என்பதைக் குறிக்கும். ஆற்றுநீர் ஏறக்குறைய 0, கடல்நீர் சுமார் 35, எமது மட்டக்களப்பு வாவி இவற்றுக்கு இடைப்பட்டது.

“அடர்த்தி → படையாக்கம்” என்பதுதான் ஸ்லைட்டின் உயிர்நாடி. அந்த அம்புக்குறி “ஆகையால்” என்று பொருள்படும்; படையாக்கம் என்பது நீர் தனித்தனி அடுக்குகளாகப் பிரிவது. கடல்நீரின் ஒரு கனமீற்றர் சுமார் 1025 கிலோகிராம், நன்னீரினது சுமார் 1000. ஆகையால் முகத்துவாரத்தினூடாக நுழையும் கடல்நீர் அடியில் ஆப்புப்போல ஊர்ந்துசெல்ல, மழைநீர் அதன்மேல் தனிப்படையாகப் பரவுகிறது. தேங்காய் எண்ணெய் நீரில் மிதப்பதை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இவ்விரு நீரையும் காற்றும் வற்றுப்பெருக்கும் கலக்கினால் அவை ஒன்றாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

“கலப்பு: காற்று, வற்றுப்பெருக்கு” என்ற மூன்றாம் வரி அதையே சொல்கிறது.

“மணற்றடை – பருவகாலம்” என்பதை விரிவுரையாளர் அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டார். வறண்ட மாதங்களில் அலைகள் மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைக்கும்போது கடல்நீரின் வரவு நிற்கிறது. வடகீழ்ப் பருவமழையில் வாவி நிரம்பியதும் அத்தடை தானாக உடைகிறது அல்லது வெள்ளத்தைக் குறைக்க வெட்டப்படுகிறது.