சித்தப்பாவுக்கு: நாளைக் காலை வண்டியில் வர வழி

சித்தப்பா, மேப்பில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து வழியை எழுத்திலேயே எழுதிவிட்டேன். படத்தை அப்படியே அனுப்பியிருக்கலாம், ஆனால் 23 கிலோமீட்டரும் ஒரு விரல்கடைக்குள் சுருங்கிக் கிடக்கிறது, எந்தத் தெருப் பெயரும் தெரியவில்லை. வழியில் உங்கள் போனில் நெட் இருக்காது, பெரிதாக்கிப் பார்க்கவும் முடியாது. இன்று ராத்திரி வீட்டு வைஃபை இருக்கும்போதே இதை முழுக்கப் படித்துவிடுங்கள். திருப்பங்களை மட்டும் சித்தி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் ஓட்டுங்கள், சித்தி பின்னால் உட்கார்ந்து வாசிக்கட்டும். ஓட்டிக்கொண்டே தாளையோ போனையோ நீங்கள் பார்க்கவே கூடாது.

உங்கள் தெருமுனையில் நின்று ட்ரிப் மீட்டர் பட்டனை அழுத்திப் பிடித்துப் பூஜ்யம் ஆக்குங்கள். கீழே நான் தரும் கிலோமீட்டர் எல்லாம் அந்த இடத்திலிருந்து கணக்கு. 100, 200 மீட்டர் முன்னே பின்னே இருக்கும். அதனால் எண் வந்ததும் திரும்பிவிடாதீர்கள். எண் நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, நான் சொல்லும் அடையாளம் கண்ணில் பட்டபிறகு திரும்புங்கள்.

முதல் திருப்பம், 0.0: தெருமுனையில் வலது பக்கம், பெரிய சாலை. இது நேர் கிழக்கு. ஆறரைக்குக் கிளம்பினால் சூரியன் முகத்துக்கு நேராக இருக்கும், கண் கூசும், மெதுவாகவே வாருங்கள். 3.1-இல் ரயில்வே மேம்பாலம். அங்கே சாலை இரண்டாகப் பிரியும்: இடது ஓரமாகக் கீழே போவது சர்வீஸ் ரோடு, நடுவில் ஏறுவது பாலம். பாலத்தில் ஏற வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே கோடு மாதிரிதான் தெரிகிறது. நானே பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் நீலக்கோடு மேலே போவதைக் கண்டேன். தவறிக் கீழே போய்விட்டால் தண்டவாளத்தோடு பாதை முடிந்துவிடும், திரும்பி வந்துதான் பாலம் ஏற வேண்டும்.

இரண்டாவது, 4.2: ரவுண்டானா. இந்த ஒரு இடத்தை மட்டும் சித்தி இரண்டு தடவை வாசிக்கட்டும். நீங்கள் வரும் சாலையைத் தவிர இன்னும் நான்கு சாலைகள் இருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் இடதுபுறமிருந்து எண்ணுங்கள். ஒன்று, இடது பக்கம் போவது. இரண்டு, நேராகப் போவது. மூன்று, அரைவாசி வலதுபுறம் சாய்ந்து போவது. நமக்கு அந்த மூன்றாவதுதான். நான்காவது முழுக்க வலது பக்கம் போகும். மூன்றும் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் எனக்குக் கவலை. மூன்றாவது சாலையில் நுழைந்தவுடன் இடது கைப்பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. பங்க் தெரியாவிட்டால் வெளியே வராதீர்கள், ரவுண்டானாவை இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, தப்பான சாலையில் போனால் அரை மணி நேரம் போய்விடும்.

அப்புறம் 8.8 கிலோமீட்டருக்கு எந்தத் திருப்பமும் இல்லை. மீட்டர் 9 காட்டும்போது வலது பக்கம் ஏரி ஆரம்பிக்கும், ஒன்றரை கிலோமீட்டர் தூரம் கூடவே வரும். சரியான சாலையில் இருக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. 11 தாண்டியும் தண்ணீரே கண்ணில் படவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி எனக்குப் போன் செய்யுங்கள்.

மூன்றாவது, 13.0: நாலுமுனை சிக்னல், இடது பக்கம். முனையில் மேல்நிலைப் பள்ளியின் நீளமான மதில் சுவர் இருக்கும். 12.4-இலேயே இடது பக்கம் ஒரு சாலை பிரிகிறது, அகலமாகவும் இருக்கும், ஆனால் அங்கே சிக்னல் கிடையாது. அதை விட்டுவிடுங்கள்.

15.2-இல் ரயில்வே கேட். மூடியிருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும், சுற்றுவழி தேட வேண்டாம். மேப் 52 நிமிஷம் என்று காட்டுகிறது. அது நான் ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்தபோது இருந்த நெரிசலை வைத்துச் சொன்னது, கேட்டில் நிற்கும் நேரம் அதில் சேரவில்லை. நீங்கள் ஒன்றேகால் மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அவசரமே இல்லை.

நான்காவது, 19.1: சாலை கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும் இடம். நடுவில் உயரமான தண்ணீர்த் தொட்டி, தூரத்திலிருந்தே தெரியும். தொட்டி உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும்படி வலது கிளையில் வாருங்கள். இங்கே கை தானாக இடது பக்கம்தான் போகும், ஏனென்றால் அகலமான சாலை அங்கேதான் வளைகிறது. வலது கிளை குறுகல், பார்த்தால் ஏதோ சந்து மாதிரி இருக்கும். சந்தேகப்படாமல் வாருங்கள், அதுதான் வழி.

ஐந்தாவது, 21.6: வாய்க்கால் பாலத்தைத் தாண்டியவுடன் வலது பக்கம். பாலத்துக்கு முன்னாலும் வலது பக்கம் கரையோரமாக ஒரு மண்பாதை இருக்கிறது. அது வேண்டாம், பாலம் கடந்தபிறகுதான்.

ஆறாவது, 23.1: இடது பக்கம் மூன்றாவது தெரு. முதல் இரண்டையும் எண்ணி விட்டுவிடுங்கள். தெருவுக்குள் 300 மீட்டர் வந்தால் வலது பக்கம் பச்சை நிற இரும்புக் கேட், அதுதான் நம் வீடு. மேப்பில் சிவப்புக் குறி பின்பக்கத் தெருவில் விழுகிறது, அந்தப் பக்கம் வாசலே இல்லை. அதனால் மேப் 23.6 என்று சொன்னாலும் வாசல் 23.4-லேயே வந்துவிடும். இந்தக் கடைசித் துண்டை இன்று சாயங்காலம் நானே நடந்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

வழி தவறினால் பதறாதீர்கள். பாலத்தின் மேலோ சிக்னலிலோ திடீரென்று திருப்ப வேண்டாம், அகலமான இடம் வரும்வரை போய்த் திருப்புங்கள். திரும்பிய இடத்தில் ட்ரிப் மீட்டர் கணக்கு கெட்டுவிடும், அதன்பிறகு அடையாளங்களை மட்டும் நம்புங்கள். யாரிடமாவது கேட்பதென்றால் என் தெருப்பெயரைச் சொன்னால் தெரியாது, புதுத் தெரு. ‘தண்ணீர்த் தொட்டி கவட்டை எங்கே’ என்று கேளுங்கள். நெட் இல்லாவிட்டாலும் போனும் எஸ்எம்எஸ்ஸும் வேலை செய்யும். போன் செய்யும்போது ‘எங்கேயோ இருக்கிறேன்’ என்று சொல்லாமல், கடைசியாக எந்த எண் திருப்பத்தைத் தாண்டினீர்கள், இப்போது பக்கத்தில் என்ன தெரிகிறது, இந்த இரண்டையும் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நான் திறந்தே வைத்திருப்பேன், அங்கிருந்து வழி சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் அத்தைக்கு இப்படி எழுதியபோது மேப் சுழன்றிருந்ததைக் கவனிக்காமல் ஒரு இடத்தில் வலது, இடதை மாற்றி எழுதிவிட்டேன். பாவம், வெயிலில் முக்கால் மணி நேரம் அலைந்தார்கள். இந்த முறை படத்தில் வடக்கு மேலே இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் படத்தைத் திருப்பி, வண்டியில் உட்கார்ந்த மாதிரி வைத்து, இரண்டு முறை சரிபார்த்திருக்கிறேன்.

சித்தி தாளில் எழுதி முடித்ததும் எனக்குப் போன் செய்து ஒருதடவை வாசித்துக் காட்டட்டும், பதினோரு மணிவரை விழித்திருப்பேன். காலையில் கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால், ரயில்வே கேட் தாண்டியதும் இன்னொன்று. இரண்டாவது வந்ததும் நான் தெருமுனைக்கு வந்து நிற்கிறேன்.