பில்லிங் மென்பொருள் மாற்றம்: ஜூன் 1, திங்கள் காலை 10.30-க்குத் தொடங்குகிறோம்

அனைவருக்கும் வணக்கம்,

பழைய பில்லிங் மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறும் வேலை வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது. முதல் கூட்டம் ஒரு மணி நேரம். கீழே உங்களுக்குச் சொல்லியிருக்கும் வேலையோ தேதியோ ஒத்துவராது என்றால், கூட்டம் வரை காத்திருக்காமல் நாளை மாலைக்குள் எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஜூலை 11, சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் பழையதை நிறுத்துகிறோம். 13-ஆம் தேதி காலை முதல் பில் புதியதில் வர வேண்டும்.

கவிதா, வாடிக்கையாளர் பட்டியலைச் சரிசெய்யும் பொறுப்பு உங்களுடையது. இருப்பதிலேயே கடினமான வேலை இதுதான் என்பது என் எண்ணம். ஒரே ஆள் இரண்டு பெயரில், இரண்டு போன் நம்பரில் இருக்கிறார். எது சரி என்று மனிதர்தான் பார்த்துச் சொல்ல முடியும். நிலுவை உள்ள கணக்குகளை முதலில் எடுங்கள். குழப்பம் வந்தால் கணக்குப் பிரிவு முருகன் சொல்வதே முடிவு. ஜூன் 19-க்குள் முடிய வேண்டும். நாள் போதாது என்று தோன்றினால் 12-ஆம் தேதியே சொல்லுங்கள், இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனந்த் தரவை மாற்றுகிறார். முதல் ஒத்திகை ஜூன் 24 அன்று. அதற்கு முன் பேக்கப் எடுப்பதோடு நிற்காமல், அதை வேறொரு கணினியில் திறந்தும் பார்த்துவிடுங்கள் ஆனந்த்.

சரிபார்ப்பது பாத்திமா. இரண்டு மென்பொருளிலும் மொத்த நிலுவை கடைசிக் காசு வரை ஒத்துப்போக வேண்டும். ஜூலை 7 அன்று அவர் "தயாரில்லை" என்றால் மாற்றம் ஜூலை 25-க்குப் போகும். அதில் யாரும், நான் உட்பட, அவரை நெருக்கக் கூடாது.

கவுன்டரில் இருப்பவர்களுக்குப் பயிற்சி ஜோசப் பொறுப்பு, ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை.

அப்புறம், நாம் வேலை செய்யும் விதம். தினமும் காலை 10 மணிக்குப் பதினைந்து நிமிடம் பேசுவோம்: எது முடிந்தது, எது நிற்கிறது. போனிலோ நடைபாதையிலோ எடுக்கும் முடிவை அன்றே நம் பொது ஆவணத்தில் எழுதுங்கள். அங்கே இல்லாத முடிவை எடுத்ததாகக் கணக்கில் கொள்ள மாட்டோம். மாலை 7-க்கு மேல் வரும் செய்திக்கு மறுநாள் பதில் சொன்னால் போதும். பில் போடுவதே நின்றுபோனால் மட்டும் எந்த நேரமானாலும் என்னைப் போனில் கூப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தவறு நடந்தால் அன்றே சொல்லுங்கள். யார் செய்தது என்று கேட்க மாட்டேன், எப்படிச் சரிசெய்வது என்று சேர்ந்து பார்ப்போம்.

திங்கட்கிழமை வரும்போது, பழைய மென்பொருளில் உங்களுக்குத் தினமும் தேவைப்படும் அறிக்கைகளின் பட்டியலைக் கொண்டுவாருங்கள். எதுவும் விடுபட்டுவிடக் கூடாது.

அன்புடன்,
சுதா