பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பற்றி

அன்புள்ள மகளுக்கும் மருமகனுக்கும்,

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டையின் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். ‘பென்டா 1’ என்ற கட்டத்தில் 25.10.2025 என்று எழுதியிருப்பதைக் கண்டு, அந்த ஊசியை ஏற்கெனவே போட்டுவிட்டார்களோ என்று மருமகன் கேட்டிருந்தீர்கள். இன்னும் போடவில்லை. பென்சிலால் எழுதிய தேதி போட வேண்டிய நாளையும், பேனாவால் எழுதிய தேதி போட்ட நாளையும் குறிக்கும். உங்கள் அட்டையில் பேனா எழுத்து முதல் வரிசையில் மட்டுமே இருக்கிறது. அதற்குக் கீழே இருப்பவை எல்லாம் பென்சில்தான்.

அந்த முதல் வரிசை பிறந்தவுடன் போடுபவற்றுக்கு உரியது. பிள்ளை செப்டம்பர் 13ஆம் தேதி ஆசாரிப்பள்ளத்தில் பிறந்த அன்றே காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி போட்டிருக்கிறார்கள். மறுநாள் ‘ஓ.பி.வி. 0’, அதாவது போலியோ சொட்டு மருந்தின் பிறப்புத் தவணை கொடுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவதான ஹெபடைடிஸ் பி கட்டத்தைப் படம் எடுத்தவரின் கட்டைவிரல் மறைத்துவிட்டது. அட்டையை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். அங்கே தேதி இல்லையென்றால் மருத்துவமனையிலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளிலும் தேடுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி அது. ஒருவேளை விடுபட்டிருந்தாலும், தனியாக எங்கும் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டாம். பென்டா ஊசியிலேயே ஹெபடைடிஸ் பி மருந்து சேர்ந்திருப்பதால் ஆறாவது வாரத்திலிருந்து அந்தப் பாதுகாப்பு தொடங்கிவிடும்.

இடது மேற்கையில் பி.சி.ஜி. போட்ட இடம் சிவந்து கொப்புளம் போல் வந்திருப்பதாக மகள் எழுதியிருந்தாய். அது வர வேண்டியதுதான். ஊசி போட்டுச் சில வாரங்களில் சிறு கட்டியாகி, உடைந்து, தானாகவே ஆறித் தழும்பாகும். அதன்மேல் மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ களிம்போ எதுவும் தடவ வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல். தழும்பு விழாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் மறுபடி போடுவதில்லை.

இனி பென்சில் தேதிகளுக்கு வருகிறேன். ஆறு வாரத்துக்கு 25.10.2025, பத்து வாரத்துக்கு 22.11.2025, பதினான்கு வாரத்துக்கு 20.12.2025 என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றும் சனிக்கிழமைகள். நம் துணை சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை என்பதால், நீங்கள் போக வேண்டிய நாட்கள் அக்டோபர் 29, நவம்பர் 26, டிசம்பர் 24. தேதிக்கு முந்திய புதன்கிழமையே போய் முடித்துவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அட்டையில் உள்ளது அதற்கு முன்னால் போடக் கூடாத தேதி. மேலும் ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையில் குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும், அந்த நான்கு வாரத்தைப் பென்சில் தேதியிலிருந்து அல்ல, உண்மையில் போட்ட நாளிலிருந்தே எண்ண வேண்டும். அக்டோபர் 29இல் போட்டுவிட்டு நவம்பர் 19இல் போனால் 21 நாட்களே ஆகியிருக்கும். 26இல் போனால் சரியாக 28 நாட்கள். டிசம்பர் 24 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் என்பதால், அன்று ஊசி உண்டா என்று கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனால் கேடில்லை. எவ்வளவு தாமதமானாலும் விட்ட இடத்திலிருந்துதான் தொடர்வார்கள், முதலிலிருந்து தொடங்குவதில்லை.

அக்டோபர் 29 அன்று ஐந்து மருந்துகள் இருக்கும். எண்ணிக்கையைக் கேட்டு அஞ்ச வேண்டாம். ‘ஓ.பி.வி. 1’ வாய்வழி இரண்டு சொட்டு. ‘ஆர்.வி.வி. 1’ ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு எதிரான மருந்து, அதுவும் வாய்வழிதான். மீதி மூன்றும் ஊசி: இடது தொடையில் பென்டா, வலது தொடையில் நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி., வலது மேற்கையின் தோலில் மிகச் சிறிய அளவில் எஃப்.ஐ.பி.வி. என்ற போலியோ ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் ஆகிய ஐந்துக்கும் எதிரானது பென்டா.

பத்தாவது வார வரிசையில் பி.சி.வி., எஃப்.ஐ.பி.வி. கட்டங்கள் இல்லாததைப் பார்த்து எழுத மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அன்று பென்டா 2 மட்டுமே ஊசி. அதோடு இரண்டு வாய்வழி மருந்துகள். அதனால்தான் பதினான்காவது வாரத்தில் பென்டா, போலியோ சொட்டு, ரோட்டா மூன்றும் மூன்றாம் எண்ணிலும், பி.சி.வி.யும் எஃப்.ஐ.பி.வி.யும் இரண்டாம் எண்ணிலும் அச்சாகியிருக்கின்றன.

பென்டா போட்ட அன்று இரவு காய்ச்சல் வரலாம், தொடை வீங்கிப் பிள்ளை சிணுங்கலாம். ஓரிரு நாளில் தணிந்துவிடும். பாராசிட்டமால் கொடுக்க நேர்ந்தால், பிள்ளையின் எடையைப் பார்த்துச் செவிலியர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் உடையவை அல்ல. வீட்டில் கிடக்கும் பழைய பாட்டிலை எடுக்கவே கூடாது. தொடையைத் தேய்க்கவோ சூடான ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். தாய்ப்பால் எப்போதும் போலக் கொடுக்கலாம். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, துவண்டு பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் மிக அதிகமானாலோ, என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இலேசான சளி இருப்பது ஊசியைத் தள்ளிவைக்கக் காரணமாகாது.

டிசம்பரில் கருங்கலிலிருந்து தக்கலைக்குத் திரும்பிவிடுவீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு போனால் அங்குள்ள செவிலியரே தொடர்ந்து போடுவார். பதிவான இடத்துக்கே வர வேண்டியதில்லை.

ஒன்பது மாதம் நிறையும் நாள் 13.6.2026, அடுத்த புதன்கிழமை ஜூன் 17. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ‘எம்.ஆர். 1’, பி.சி.வி. பூஸ்டர், மூன்றாவது எஃப்.ஐ.பி.வி., ஒரு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ திரவம் ஆகியவை அன்றைக்கு உரியவை. மூன்றரை மாதத்தில் ஊசிகள் முடிந்துவிட்டதாக எண்ணி இந்த வரிசையை விட்டுவிடும் வீடுகளை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இதை இப்போதே வீட்டுக் காலண்டரிலும் கைபேசியிலும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு 13.1.2027 அன்று பதினாறு மாதம் நிறையும். அன்றும் புதன்கிழமைதான், ஆனால் பொங்கலை ஒட்டி வருகிறது. முடியாவிட்டால் 20ஆம் தேதி போங்கள். எம்.ஆர். 2, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் எதிரான டி.பி.டி. முதல் பூஸ்டர், போலியோ சொட்டு பூஸ்டர், வைட்டமின் ஏ இரண்டாம் தவணை ஆகியவற்றை இரண்டு வயதுக்குள் முடிக்க வேண்டும். வைட்டமின் ஏ ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடரும். கடைசி வரிசையில் உள்ள டி.பி.டி. இரண்டாம் பூஸ்டர் ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போடுவது.

29ஆம் தேதி ஊசி முடிந்ததும், ஐந்து கட்டங்களிலும் பேனாவால் தேதி ஏறியிருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிட்டு, அட்டையை மேசையில் வைத்து, நான்கு மூலையும் தெரியும்படி படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
பெரியம்மா