சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கோரி விண்ணப்பம்

அனுப்புநர்
ர. கவின்,
மேல்நிலை இரண்டாம் ஆண்டு, தமிழ்வழி (உயிரியல்–கணிதம்),
பெரம்பூர், சென்னை – 600 011.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
அரசுத் தேர்வுகள் இயக்ககம்,
கல்லூரிச் சாலை, சென்னை – 600 006.

வழி: தலைமையாசிரியர் அவர்கள்

பொருள்: மார்ச் 2026 மேல்நிலை இரண்டாம் ஆண்டு பொதுத் தேர்வு – வலது கை எலும்பு முறிவு – சொல்வதை எழுதுபவரும் ஒரு மணி நேரம் கூடுதலும் வேண்டுதல் – சார்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த 14.02.2026 அன்று கீழே விழுந்ததில் வலது மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. அரசு மருத்துவமனையில் முழங்கைக்குக் கீழிருந்து விரல் கணு வரை மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம், அதாவது மார்ச் 28 வரை, கட்டைப் பிரிக்கக்கூடாது என்று மருத்துவர் சான்றில் எழுதியுள்ளார். நான் வலது கையால் எழுதுபவன்.

விரல் நுனிகள் கட்டுக்கு வெளியே தெரிவதால் மெதுவாக எழுதலாமே என்று தோன்றலாம். கட்டைவிரல் மடங்காததால் பேனா பிடியில் நிற்பதில்லை. அழுத்திப் பிடித்தால் சேர்ந்துவரும் எலும்பு விலகக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்துள்ளார். இடது கையால் கையொப்பம் மட்டுமே போட முடிகிறது.

செய்முறைத் தேர்வுகள் எனக்கு முடிந்துவிட்டன. ஆறு எழுத்துத் தேர்வுகளுக்கு மட்டுமே இந்த உதவியைக் கேட்கிறேன்.

எழுதுபவராக வருபவர் எனக்குப் பாடம் நடத்தாத ஆசிரியராக இருக்கட்டும். அந்தந்தப் பாட ஆசிரியராகவும் இருக்க வேண்டாம். ஆனால் தமிழ்வழிக் கலைச்சொற்களைப் பிழையின்றி எழுதவும், கணிதக் குறியீடுகளைப் படிக்கவும் தெரிந்தவராக இருப்பது அவசியம். தொகையீட்டுக் கணக்கில் அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அடுக்கு எந்த எழுத்தின் மேல் வருகிறது என்பதை ஒவ்வொரு வரியிலும் சொல்லி, எழுதியதைத் திரும்பப் பார்த்துத்தான் அடுத்த வரிக்குப் போக முடியும். வேதியியல் சமன்பாட்டில் கீழ்க்குறி ஒன்று மாறினாலும் விடை தவறு. உயிரியல் படத்திலோ கோடு எங்கே வளைய வேண்டும் என்பதைக்கூட வாயால்தான் சொல்ல வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்களிலும் விடைக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே பிற்பகல் 1.15-க்கு முடியும் தேர்வை எனக்கு 2.15 வரை நீட்டித்து அனுமதிக்க வேண்டுகிறேன்.

நான் சத்தமாகச் சொல்ல நேர்வதால், மற்ற தேர்வர்களுக்கு இடையூறு இல்லாதபடி தனி அறை ஒதுக்க வேண்டுகிறேன். வருகைப் பதிவில் என் இடது கைக் கையொப்பம் பழைய கையொப்பத்தோடு ஒத்துப்போகாது. பெருவிரல் ரேகையையும் ஏற்றுக்கொள்ள ஆணையில் குறிப்பிட்டால் முதல் நாளே குழப்பம் வராது.

ஆணை தேர்வு மைய முதன்மைக் கண்காணிப்பாளருக்கும் துறை அலுவலருக்கும் தேர்வுக்கு முன்பே கிடைக்கும்படி செய்ய வேண்டுகிறேன். ஆணை நகல் கையில் இல்லாமல் அவர்களால் எழுதுபவரை அறைக்குள் அனுமதிக்க இயலாது.

இக்கடிதம் நான் சொல்ல என் அக்கா எழுதியது.

இணைப்பு: மருத்துவர் கையொப்பமும் முத்திரையும் உள்ள அசல் சான்று, எக்ஸ்ரே நகல், தேர்வு நுழைவுச்சீட்டு நகல், பெற்றோர் ஒப்புதல் கடிதம், தலைமையாசிரியர் பரிந்துரை, புகைப்படம் இரண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ர. கவின்
(இடது கைக் கையொப்பம்)

இடம்: சென்னை
நாள்: 18.02.2026