வரிசையில் நிற்கும் முதியோருக்கு இருக்கை வேண்டி

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், மாட்டுங்கா கிளை, மும்பை

ஐயா,

வணக்கம். நீங்களும் தமிழர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

எனக்கு வயது 76. கடந்த திங்கட்கிழமை ஆயுள் சான்றிதழ் கொடுக்க 10.15-க்கு வந்தேன். டோக்கன் எண் 64. என் முறை வரும்போது மணி 12.20. அதுவரை நின்றுகொண்டேதான் இருந்தேன். முன்பு சுவரோரம் இருந்த நீள பெஞ்சு எங்கே போனதோ, அந்த இடத்தில் இப்போது கடன் விளம்பரப் பலகை நிற்கிறது. முழங்கால் அறுவை செய்துகொண்ட ஒரு மாமி, பாஸ்புக் பதியும் இயந்திரத்தைப் பிடித்தபடி நின்றார். கடைசியில் காவலாளி தன் ஸ்டூலைக் கொடுத்தார். நல்ல மனிதர், அவரைக் கண்டித்துவிடாதீர்கள்.

மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவுன்டரோ முன்னுரிமையோ தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. இங்கே ‘மூத்த குடிமக்கள்’ பலகை மாட்டிய கவுன்டரில் ஆள் இல்லை. கேட்டால், “லஞ்சுக்கு அப்புறம் வாங்க” என்கிறார்கள்.

நவம்பர் முடியும்வரையாவது அந்தக் கவுன்டரில் ஆள் போடுங்கள். பத்து நாற்காலிகளும் போடுங்கள். எழுத்தில் பதில் வேண்டும். 30 நாளில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
கி. ராமநாதன்
ஓய்வூதியர், மாட்டுங்கா