ஆணிப் பொட்டலம்

குடோனுக்குப் பின்னால் ஷெட் போடக் கடன் கேட்டுப் போயிருந்தோம். "கடை யார் பேரில்?" என்று பேங்க் மேனேஜர் கேட்டார். "நாங்க ரெண்டு பேரும் பங்கு சார்" என்றார் அண்ணன். "அப்ப பார்ட்னர்ஷிப் பத்திரம் கொண்டு வாங்க."

"நாளைக்கே கொண்டு வர்றோம்" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு காகிதத்தில் எங்கள் இருவர் பேரும் இருக்கும் என்றுதான் நம்பியிருந்தார். நானும்தான்.

ராத்திரி பீரோவைக் கவிழ்த்தோம். நகராட்சி லைசென்ஸ், பழைய விற்பனை வரிப் பதிவு, கரண்டு கார்டு, எல்லாம் அண்ணன் பேரில் இருந்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அவர் பான் நம்பரைத்தான் கொடுத்தோம். ஓடிபியைப் படித்துச் சொன்னது நான். அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். "வாய்ப்பேச்சா இருந்தாலும் பங்கு பங்குதான் அண்ணாச்சி. 1932 சட்டம் அதை ஒத்துக்குது. விகிதம் பேசலைன்னா லாபம் ஆளுக்குச் சரிபாதி. ஆனா காட்டுறதுக்கு என்ன வச்சிருக்கீங்க? காகிதத்தைப் பார்த்தா இது உங்க ஒருத்தர் கடை. தம்பி சம்பளத்துக்கு நிக்கிறவர் மாதிரிகூட இல்லை. சம்பளக் கணக்கும் இல்லையே."

அண்ணன் தலை குனிந்துகொண்டார். என் காது சூடாகியது. தென்காசி பஜாரில் 26 வருஷம் ஷட்டர் தூக்கியவன் நான். பைப், எல்போ, கேட்வால்வு என் பக்கம். சிமெண்ட், பெயிண்ட் அவர் பக்கம். கல்லாவுக்கு இரண்டு சாவி. எங்களுக்குள் இருந்த பத்திரமே அந்த இரண்டு சாவிதான். எழுதித் தாருங்கள் என்று கேட்டால் அண்ணனைச் சந்தேகப்படுவது போல இருக்கும் என்று நான் கேட்கவில்லை. எழுதுவோமா என்றால் தம்பி தப்பாக நினைப்பானோ என்று அவரும் கேட்கவில்லை. (இதை அவர் பிற்பாடு சொன்னார்.)

புதுசாக எழுதிப் பதிவு செய்யலாம் என்று ஆடிட்டர் ஒரு நகல் கொடுத்தார். அன்று கடை அடைத்ததும் அண்ணன் வீட்டில் உட்கார்ந்தோம். பெயர், விலாசம் எல்லாம் ஓடிவிட்டது. மூலதனம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"நான் அறுபது போட்டேன். நீ மஸ்கட்டிலிருந்து அனுப்பினது முப்பது" என்றார்.

"ஐம்பத்தஞ்சுண்ணே."

"முப்பதுலே. எனக்குத் தெரியாதா?"

"ஐம்பத்தஞ்சு. வெயில்ல நின்னு கம்பி கட்டுன காசு, எனக்கு மறக்குமா?"

தோசை ஆறிக்கொண்டிருந்தது. 25,000 ரூபாய் இன்றைக்கு எங்களுக்குப் பெரிய தொகை இல்லை. ஒரு லோடு சிமெண்டில் புரண்டு போகும். ஆனாலும் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் இவர் மனசில் என் பங்கு இவ்வளவுதானா?

சட்னி ஊற்ற வந்த மதினி அப்படியே நின்றார். "தம்பி இருபத்தஞ்சு தனியா அனுப்புச்சே. என் வளையலைத் திருப்பத்தானே?"

அண்ணன் நிமிர்ந்தார்.

"கடை போட வளையலை அடகு வச்சீங்க. அடுத்த வருஷம் தம்பி பணம் வந்துதான் திருப்பினோம். நீங்கதானே பேங்குக்குப் போனீங்க."

அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. அவர் சொன்ன அறுபதில் அடகுப் பணம் இருபத்தைந்து இருந்தது. அதைத் தம்பி அண்ணிக்குச் செய்த மரியாதையாக அவர் வைத்துக்கொண்டார். நான் கடைக்குப் போட்ட காசாக வைத்துக்கொண்டேன். அவரே பேனாவை எடுத்து என் பேருக்கு நேரே 55,000 என்று எழுதினார். தன் பேருக்கு நேரே எழுதியிருந்த 60,000-ஐ அடித்து 35,000 ஆக்கினார். கை லேசாக நடுங்கியது.

"இப்ப உன்னுதுதான் கூட" என்றார். குரல் கம்மியிருந்தது.

"பங்கு சரிபாதின்னு போடுண்ணே."

போட்டார். அப்புறம், "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். அதற்கும் எழுதாவிட்டால் கூட்டு அன்றோடு கலைந்துவிடும் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். அவர் பையன் பேரை நான் சொன்னேன். என் மகள் பேரை அவர் சொன்னார். அவள் பி.காம். இரண்டாம் வருஷம். அவளைக் கடையில் உட்கார வைக்கும் யோசனை எனக்கே வந்ததில்லை.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டது. புது பான், புது ஜிஎஸ்டி நம்பர். பழைய பில் புக் ஆறு கட்டு மீந்துவிட்டது. இனி அதில் பில் போடக்கூடாது.

நேற்று ஒரு கொத்தனார் ரெண்டு இஞ்ச் ஆணி அரைக் கிலோ கேட்டார். அண்ணன் நிறுத்து, வழக்கம்போல நாலைந்து ஆணி கூடப் போட்டு, பழைய பில் தாள் நாலைச் சேர்த்துக் கிழித்துப் பொட்டலம் மடித்தார். 'உரிமையாளர்' என்ற அச்சும் அதன் கீழே அவர் பெயரும் மேலாக வந்தன. சணலைச் சுற்றி முடிச்சுப் போட்டு நீட்டினார்.

"தம்பிகிட்ட காசு குடுங்க" என்றார்.