பின்பக்கம்

அப்பாவின் அந்தியேட்டி முடிந்த மறுநாள் அக்காவும் தங்கையும் பங்கு பிரிக்க உட்கார்ந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பசு, இரண்டு இஞ்சி நீர்ப்பம்பி ஒன்று, வங்கிப் புத்தகத்தில் 184,000 ரூபா, அம்மாவின் சங்கிலி. சங்கிலியை விற்று மாதச் செலவுக்கு எடுத்ததை வதனி முதலே சொல்லிவிட்டாள். மலர் அதைக் கிளறவில்லை.

மிச்சம் உருத்திரபுரத்துக் காணி. வயல் இரண்டு ஏக்கர், வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு நிற்கும் மேட்டுக்காணி முக்கால் ஏக்கர். இரண்டுக்கும் அரசாங்கம் கொடுத்த ஒரே பெர்மிற்.

அப்பாவின் பைலுக்குள் கடதாசிக்குக் குறைவில்லை. கமக்காரர் அமைப்பின் பற்றுச்சீட்டுகள், உர மானியத் துண்டுகள், மனிக்பாமில் கொடுத்த குடும்ப அட்டை. பெர்மிற் மட்டும் முதல் தாளோடு நின்றது. பின்னுரித்தாளரின் பெயர் வரவேண்டிய தாள் இல்லை. 2009இல் இடம்பெயர்ந்தபோது பொலித்தீன் பைக்குள் தண்ணீர் போய் ஒட்டிக் கிழிந்திருக்க வேண்டும். வீட்டுத்திட்டத்துக்கு எடுத்த போட்டோக்கொப்பியிலும் முன்பக்கம்தான். அப்போது அவ்வளவுதான் கேட்டார்கள்.

"அப்பா என்ர பேரில எழுதிப் போட்டன் எண்டு சொன்னவர், அக்கா."

"எங்க எழுதினவர்?"

பைலின் அடியில் இருந்தது. கொப்பித்தாள் ஒன்று, முத்திரை ஒட்டி, சமாதான நீதவானின் கையெழுத்தோடு: 'எனது காலத்துக்குப் பின் காணி இளைய மகளுக்கு.' திகதி 2021. மலர் இரண்டுதரம் வாசித்துவிட்டு மடித்து வதனியிடமே கொடுத்தாள்.

பொதுமக்கள் தினத்தில் பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். அப்பாவினதும் அம்மாவினதும் மரணச் சான்றிதழ், இருவரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைக் கொப்பி, கிராம அலுவலரின் கடிதம் எல்லாம் வதனியின் கையில். காணிப்பிரிவு உத்தியோகத்தர் பெர்மிற் இலக்கத்தைப் பார்த்துப் பேரேட்டை எடுத்தார். ஓரம் கறையான் தின்றிருந்தாலும் எழுத்துத் தப்பியிருந்தது. பேரேடே இல்லாமற்போன ஊர்க்காரர் படும் பாட்டுக்கு இது பெரிய காரியம்.

"பின்னுரிமை அம்மாட பேரில 1986இல பதிஞ்சு கிடக்கு. அம்மா 2017இல போயிட்டா. அதுக்குப் பிறகு ஐயா வந்து மாத்தேல்லை. அப்ப நியமனம் இல்லாத காணி மாதிரித்தான்."

வதனி கொப்பித்தாளை நீட்டினாள். அவர் முழுவதையும் வாசித்தார்.

"இது செல்லாது, பிள்ளை. நியமனத்தை அவர் உயிரோட இருக்கேக்கயே பதிஞ்சிருக்கோணும். முத்திரை ஒட்டினாப் பதிவாகாது."

"அப்ப ஆருக்கு?"

"முந்தியெண்டா ஆம்பிளைப் பிள்ளை இருக்கோ எண்டு கேட்டிருப்பம். 2022இல சட்டம் திருத்தினாப் பிறகு அந்தக் கேள்வி இல்லை. நீங்கள் ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள், அதால எப்பிடியும் மூத்தவவுக்குத்தான்."

மலர் கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள். "ரெண்டாப் பிரிச்சு எழுதேலாதோ?"

"பெர்மிற்றில குறிச்ச அளவுக்குக் கீழ உடைக்கேலாது."

"என்ர பேருக்கு எடுத்துப்போட்டு இவளைப் பின்னுரித்தாளியாப் போட்டால்?"

"போடலாம். நினைச்ச நேரம் மாத்தவும் செய்யலாம்."

வதனி எதுவும் பேசவில்லை. அவள்தான் ஐந்து வருடமாக அந்த வயலை விதைக்கிறாள். மலர் கலியாணம் செய்து வவுனியாவுக்குப் போனபின் தைப்பொங்கலுக்குத்தான் வருவாள்.

"நீங்கள் வேண்டாமெண்டு சத்தியக்கடதாசி முடிச்சுத் தந்தா, அடுத்த பிள்ளைக்குப் பாக்கலாம்," என்றார் உத்தியோகத்தர். "துலைஞ்ச தாளுக்குப் பொலிஸில ஒரு முறைப்பாடும் போட்டு, அந்தக் கொப்பியையும் கொண்டு வாங்கோ. யோசிச்சுச் செய்யுங்கோ, கையெழுத்து வைச்சிட்டுப் பிறகு வந்து அழக்கூடாது."

வெளியே வேம்பின்கீழ் வாங்கு ஒன்று வெறுமையாக இருந்தது. மலர் கனநேரம் கணக்குப் பார்த்தாள்.

"நான் எழுதித் தாறன். ஆனால் போகத்துக்கு எட்டு மூட்டை நெல்லு எனக்கு வேணும்."

"காலபோகத்துக்குத் தரலாம். சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணியை எத்தினை ஏக்கருக்கு விடுவாங்களெண்டு கூட்டம் வைச்சாத்தான் தெரியும். எங்கட வயலுக்கு வராத வருசம் நான் எங்க போறது?"

"சரி, காலபோகம் மட்டும். அதை எழுதுவமோ?"

வதனி பைலைத் திறந்து முதல் தாளில் விரலை வைத்தாள். "அனுமதியில்லாமக் குத்தகைக்கு விடக்கூடாது எண்டு இதில போட்டுக் கிடக்கு, அக்கா. எழுதினா ரெண்டு பேருக்கும் வில்லங்கம்."

"அப்ப வாய்ப்பேச்சுத்தான்."

"வாய்ப்பேச்சுத்தான்."

"அப்பிடியெண்டா பசு ரெண்டையும் நான் கொண்டு போறன்."

"ஒண்டு. சினைப்பசுவை விட்டிட்டு மற்றதை."

"வங்கிக் காசு?"

"அது பாதி பாதி. பம்பி வயலோட நிக்கட்டும்."

மலர் எழுந்து சேலையை உதறினாள். "வா, பொலிஸுக்குப் போவம். பன்னிரண்டு மணிக்கு முதல் போனாத்தான் இண்டைக்குக் கொப்பி கிடைக்கும்."